இரண்டு லைன் இருந்தும் நெட் ஏன் நிற்கிறது? ஃபெயில்ஓவரா, லோடு ஷேரிங்கா

"நெட் போகல சார், ஆனா நின்னு நின்னு வருது." பதினான்கு கம்ப்யூட்டர் உள்ள ஒரு சின்ன அலுவலகத்தில் என்னிடம் சொன்ன புகார் இது. ஒரே லைன் இருந்தவரை இந்தப் பேச்சே இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது லைன் போட்டார்கள், மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முதல் லைன் 100 எம்பிபிஎஸ், இரண்டாவது 20, இரண்டுமே சொன்னபடி வருகின்றன. ஆனால் ஒரு பக்கத்தைத் திறந்தால் சட்டென்று வருகிறது, அடுத்ததைத் திறந்தால் ஐந்து நொடி வெள்ளைத் திரை.

இரண்டு லைனை ஒரு ரவுட்டரில் சேர்க்க வழக்கமாக இரண்டு வழி. ஃபெயில்ஓவரில் ஒரு லைன் வேலை செய்யும், இன்னொன்று சும்மா காத்திருக்கும், முதல் லைன் செத்தால் இது எழுந்துகொள்ளும். லோடு ஷேரிங்கில் இரண்டும் எப்போதும் வேலை செய்யும், ஒவ்வொரு புது கனெக்‌ஷனையும் ரவுட்டர் ஏதோ ஒரு லைனில் தள்ளிவிடும். 100-ம் 20-ம் சேர்ந்து 120 ஆகிவிடும் என்று நினைத்துத்தான் பலர் ஷேரிங் கேட்கிறார்கள். ஒரே ஃபைலை டவுன்லோடு செய்யும்போது அப்படி ஆகாது, ஏனென்றால் அது ஒரே கனெக்‌ஷன், ஒரே லைனில்தான் போகும்.

இரண்டு வழியுமே சரியாக அமைத்தால் ஓடும். ஆனால் தப்பாக அமைத்தால் இரண்டும் நிற்கும் விதம் வேறு வேறு. ஷேரிங் நன்றாக ஓடும் நாளில் எரிச்சல் கொடுக்கும். ஃபெயில்ஓவர் லைன் சாகும் நாளில்தான் பல்லைக் காட்டும்.

அந்த அலுவலகத்தில் போட்டிருந்தது ஷேரிங், பாதிக்குப் பாதி. தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்வது டிஎன்எஸ் சர்வர். ரவுட்டர் கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வழியாகப் போன டிஎன்எஸ் முகவரி முதல் லைன்காரரின் சர்வர். அந்த மாதிரி சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் நெட்வொர்க்குக்குள்ளிருந்து வரும் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஒவ்வொரு டிஎன்எஸ் கேள்வியும் புது சோர்ஸ் போர்ட் எண்ணில் கிளம்புகிறது. ரவுட்டர் போர்ட்டையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பிரிப்பதால் பாதிக் கேள்விகள் இரண்டாவது லைன் வழியாக வெளியே போகின்றன. முதல் லைன்காரரின் சர்வர் அவற்றை வெளியாள் என்று பார்த்துப் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கம்ப்யூட்டர் பதிலுக்காகக் காத்திருந்து, மறுபடி கேட்டு, அப்புறம்தான் பக்கம் திறக்கிறது. விண்டோஸில் இந்தக் காத்திருப்பு ஓரிரு நொடியில் ஆரம்பிக்கும், லினக்ஸில் வழக்கமாக 5 நொடி. ஒருமுறை பதில் கிடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் நினைவில் இருக்கும், அதனால் அடிக்கடி போகும் தளங்கள் வேகமாகத் திறக்கும், புதுத் தளங்கள் மட்டும் நிற்கும். "காலையில வந்ததும்தான் சார் ரொம்பப் படுத்துது" என்று அவர்கள் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். டிஹெச்சிபி கொடுத்த டிஎன்எஸ் முகவரியைப் போட்டு (கீழே உள்ளது மாதிரி முகவரி) விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் பத்து முறை தட்டிப் பாருங்கள்:

```
nslookup example.com 192.0.2.53
```

சில முறை உடனே பதில், சில முறை `DNS request timed out` என்று மாறி மாறி வந்தால் சந்தேகமே இல்லை. பிறகு ஒரு லைனைப் பிடுங்கிவிட்டு மறுபடி பத்து முறை. முதல் லைன் மட்டும் இருக்கும்போது எல்லாம் பதில், இரண்டாவது மட்டும் இருக்கும்போது எதுவுமே இல்லை என்றால் கணக்கு முடிந்தது. எந்த லைனிலிருந்து கேட்டாலும் பதில் சொல்லும் பொது டிஎன்எஸ் கொடுத்தோம், வெள்ளைத் திரை அன்றைக்கே போனது.

அது போனபின் தெரிந்தது அடுத்தது. கணக்கர் மேசையில் வங்கித் தளம் அடிக்கடி வெளியே தள்ளியது. ஒரே ஆள் ஒரு நிமிடம் ஒரு பப்ளிக் ஐபியிலிருந்தும் அடுத்த நிமிடம் வேறு ஐபியிலிருந்தும் வந்தால் வங்கி நம்புமா? இதற்குப் பலர் "அனுப்புபவர், பெறுபவர் இரண்டு முகவரியையும் வைத்துப் பிரி" என்று மாற்றுவார்கள். அது பாதி மருந்துதான். லாகின் ஒரு சர்வரில், கணக்குப் பக்கம் இன்னொரு சர்வரில் இருந்தால் அவை மறுபடி வேறு வேறு லைனில் போகலாம். அனுப்பும் கம்ப்யூட்டரின் முகவரியை மட்டும் வைத்துப் பிரித்தால் அந்த மேசை எப்போதும் ஒரே லைனில் இருக்கும், சண்டை தீரும்.

பாதிக்குப் பாதி என்பதும் தப்பு. 100-ம் 20-ம் இருக்கும்போது சமமாகப் பிரித்தால் ஒரு பக்கத்தின் படங்களில் பாதி சின்ன லைனில் மாட்டும், பெரிய லைன் காலியாக இருக்கும். ஐந்துக்கு ஒன்று என்று எடை கொடுக்க வேண்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதைக்கூடச் செய்யாத ரவுட்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி ஃபெயில்ஓவர். இதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: லைன் செத்ததை ரவுட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது? நிறுவ வருபவர் வழக்கமாக ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கும் கேபிளைப் பிடுங்கிக் காட்டுவார். இரண்டாவது லைன் உடனே எழும், எல்லோரும் தலையாட்டுவார்கள், அவரும் கிளம்பிவிடுவார். நிஜத்தில் அந்தக் கேபிள் எங்கே அறுகிறது? தெருவில் ஃபைபர் அறுகிறது, அல்லது லைன்காரரின் பக்கம் ஏதோ விழுகிறது. அப்போது உங்கள் மேசைமேல் உள்ள மோடம் உயிரோடுதான் இருக்கும், ரவுட்டருக்கு அதன் போர்ட் பச்சையாக எரியும். கேட்வேயைப் பிங் செய்து பார்த்தாலும் பதில் சொல்வது அந்த மோடமே. ரவுட்டர் எல்லாம் நலம் என்று செத்த லைனிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும், யாராவது போய்க் கையால் மாற்றும்வரை. அதனால் சோதிப்பதென்றால் மோடத்தின் பின்னால் உள்ள ஃபைபரைக் கழற்றிச் சோதியுங்கள். அந்தப் பரீட்சையில் தேறாத ஃபெயில்ஓவர் ஃபெயில்ஓவரே இல்லை.

தீர்வு, மோடத்துக்கு அப்பால் இணையத்தில் இருக்கும் ஒரு முகவரியைத் தொட்டுப் பார்ப்பது. மைக்ரோடிக் ரவுட்டரில் அது இப்படி இருக்கும் (முதல் மோடம் 192.168.1.1, இரண்டாவது 192.168.2.1):

```
/ip route
add dst-address=8.8.8.8/32 gateway=192.168.1.1 scope=10
add dst-address=0.0.0.0/0 gateway=8.8.8.8 distance=1 target-scope=11 check-gateway=ping
add dst-address=0.0.0.0/0 gateway=192.168.2.1 distance=2
```

இது 10 நொடிக்கு ஒருமுறை பிங் அனுப்பும், இரண்டு முறை பதில் வராவிட்டால் அந்த வழியை விட்டுவிடும். அதாவது அரை நிமிடத்துக்குள் மாறும். இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே ஒருமுறை விழுந்தேன். முதல் வரியின்படி 8.8.8.8 என்ற முகவரிக்குப் போக முதல் லைன் மட்டும்தான் வழி. அதே 8.8.8.8-ஐக் கம்ப்யூட்டர்களுக்கு டிஎன்எஸ்ஸாகவும் கொடுத்திருந்தால், லைன் மாறிய பிறகும் டிஎன்எஸ் கேள்விகள் செத்த லைனையே தட்டிக்கொண்டிருக்கும். பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். சோதிக்கும் முகவரி வேறு, டிஎன்எஸ் முகவரி வேறு என்று வையுங்கள்.

லைன் மாறினாலும் ஓடிக்கொண்டிருந்த பழைய கனெக்‌ஷன்கள் தானாக மாறாது. வெளியே அவை முதல் லைனின் ஐபியில் அறிமுகமானவை. வெளியே போகும் பாக்கெட்டின் முகவரியை லைனின் ஐபியாக மாற்றும் src-nat விதியை நிலையான ஐபியை வைத்து எழுதியிருந்தால், ரவுட்டர் பழைய கனெக்‌ஷனின் பாக்கெட்டுகளை இரண்டாவது லைனில் முதல் லைனின் ஐபியோடு அனுப்பும், அவை எங்கும் போய்ச் சேராது. பிரவுசர் சீக்கிரம் சலித்துப் புதுக் கனெக்‌ஷன் போட்டுவிடும். ரிமோட் டெஸ்க்டாப் உறைந்து நிற்கும். மோசமாக மாட்டுவது ஐபி போன்தான். அது சில நொடிகளுக்கொரு முறை ஒரே போர்ட்டிலிருந்து ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பி, தான் உயிரோடிருப்பதைச் சொல்லும். ரவுட்டரில் அந்தப் பதிவு மூன்று நிமிடம் சும்மா இருந்தால்தான் அழியும், போன் அதற்கு முன்பே அதைப் புதுப்பித்துவிடும். அதனால் நெட் வந்து அரை மணி ஆனாலும் போன் மட்டும் ஊமையாக இருக்கும், ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும். லைன் மாறும்போது ஓடும் ஸ்கிரிப்டில், ஐபி போன்கள் வழக்கமாகப் பேசும் 5060 போர்ட்டின் பழைய பதிவுகளை அழிக்கும் இந்த ஒரு வரி போதும்:

```
/ip firewall connection remove [find dst-address~":5060"]
```

ஃபெயில்ஓவரின் இன்னொரு வியாதி, லைன் சாகாமலே மாறி மாறி ஓடுவது. மதியம் யாரோ பேக்கப் ஓட்டுகிறார்கள், முதல் லைனின் அப்லோடு நிரம்புகிறது, பிங் பாக்கெட்டும் வரிசையில் மாட்டித் தொலைகிறது. ரவுட்டர் லைன் போச்சு என்று இரண்டாவதுக்குத் தாவுகிறது. உடனே முதல் லைன் காலியாகிறது, பிங் வருகிறது, திரும்பித் தாவுகிறது, மறுபடி பேக்கப் அதை நிரப்புகிறது. ஒவ்வொரு தாவலிலும் எல்லோருடைய செஷனும் அறுகிறது. ரவுட்டர் லாகில் இந்த மாற்றம் கிட்டத்தட்ட சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் லைன்காரரைத் திட்டாதீர்கள், அப்லோடு கிராஃபைப் பாருங்கள். அப்லோடை அதன் அளவில் 90 சதவீதத்தோடு கட்டிவையுங்கள். போவதற்கு மூன்று தோல்வி, திரும்புவதற்கு அதைவிட அதிக வெற்றி என்று வையுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளின் mwan3-இல் `down`, `up` என்ற இரண்டு அமைப்பும் இதற்குத்தான்.

அப்படியானால் எது? இரண்டாவது லைன் சிம் டேட்டாவாகவோ அளவு கட்டியதாகவோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஃபெயில்ஓவர். இரண்டும் ஓரளவு சமமான லைன், ஆட்கள் நிறைய, எல்லோரும் பிரவுசரில் மட்டும் வேலை செய்கிறார்கள் என்றால், எடை கொடுத்து, அனுப்பும் முகவரியால் பிரித்த ஷேரிங் சரி. ஆனால் ஷேரிங் போட்டாலும் லைன் செத்ததைக் கண்டுபிடிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு லைன் சாகும் நாளில் பாதிக் கனெக்‌ஷன்கள் குழியில் விழும். சிலருக்கு ஓடும், சிலருக்கு ஓடாது, அதைவிடக் குழப்பமான புகார் கிடையாது.

அந்த அலுவலகத்தில் கடைசியில் நான் ஷேரிங்கை எடுத்துவிட்டேன். ஐபி போன்களும் கணக்கர் மேசையும் சின்ன லைனில், மற்ற எல்லோரும் பெரிய லைனில் என்று முகவரியை வைத்துக் கையால் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடுத்த லைன் காத்திருப்பு. கணக்குப் பார்த்து அழகாகப் பங்கிடும் எதுவும் இதில் இல்லை, ஆனால் யாராவது "நிக்குது" என்று சொன்னால் அவர் எந்த லைனில் இருக்கிறார் என்று பட்டியலைப் பார்த்து உடனே சொல்ல முடிகிறது. பிறகு சின்ன லைன் மோடத்தின் ஃபைபரைக் கழற்றிவிட்டு ஒரு கைபேசியிலிருந்து அலுவலக எண்ணைக் கூப்பிட்டோம். இருபத்தைந்தாவது நொடியில் மணி அடித்தது.