எங்க தெரு சேமிப்புக் குழுவுக்கு பாக்கி லிஸ்ட் ஷீட்: ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டின அனுபவம்

எங்க குழுவுல 20 பேர், ஆளுக்கு மாசம் 1000 ரூபா, 5ஆம் தேதிக்குள்ள கட்டணும். 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சோம். பணம் பொருளாளர் அண்ணன் கையில, கணக்கு எழுதுற வேலை என் கையில. முதல்ல நோட்டுல மாசத்துக்கு ஒரு கட்டம் போட்டு கட்டினவங்களுக்கு டிக் அடிச்சுட்டு இருந்தோம், அதுலதான் பிரச்சனையே வந்துச்சு.

14ஆம் நம்பர் உறுப்பினர் ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் ஒழுங்கா கட்டினார், டிசம்பர்ல கை டைட்டுன்னு 500 மட்டும் குடுத்தார், நாங்க டிக் போட்டுட்டோம். ஜனவரில கட்டல. நோட்டைப் பாத்தா 1000 பாக்கி, ஆனா உண்மையில 10 மாசத்துக்கு 10,000 வரணும், வந்தது 8500, அப்போ பாக்கி 1500. அந்த 500 டிக்குக்குள்ள காணாம போயிருச்சு. இன்னொருத்தர் அக்டோபர்லயே மூணு மாசத்துக்கு சேத்து 3000 கட்டிட்டார், ஆனா நவம்பர் கட்டம் காலியா இருந்ததால அவர்கிட்ட போய் அண்ணன் பணம் கேட்டுட்டார். அந்த மனுஷன் முகம் சுருங்கினது எனக்கு இன்னும் மனசுல நிக்குது.

அதுக்கப்புறம்தான் கூகுள் ஷீட்டுக்கு மாறினோம், மாசக் கட்டத்தையே தூக்கிட்டோம். இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கணும், எவ்வளவு வந்திருக்கு, இது ரெண்டும்தான் கணக்கு. Varavu ஷீட்டுல தேதி, உறுப்பினர் நம்பர், தொகை, கேஷா ஜிபேவான்னு வர்ற ஒவ்வொரு பணமும் ஒரு வரி. Members ஷீட்டுல A நம்பர், B பேர், C சேர்ந்த மாசம், D மாசத் தொகை, H1ல எந்த மாசம் வரைக்கும் பாக்கணுமோ அந்த மாசத்தோட 1ஆம் தேதி. E, F, G மூணுக்கும் இதான், 21ஆம் வரி வரைக்கும் இழுத்து விட்டுக்கலாம்:

```
E2: =D2*(DATEDIF(C2,$H$1,"M")+1)
F2: =SUMIFS(Varavu!C:C,Varavu!B:B,A2)
G2: =E2-F2
```

தனி ஷீட்டுல லிஸ்ட்:

```
=IFERROR(FILTER(Members!A2:G21,Members!G2:G21>0),"பாக்கி இல்லை")
```

H1ல TODAY() போடாதீங்க. போட்டா மாசம் பொறந்த அன்னிக்கு காலையிலயே அட்வான்ஸ் கட்டாத எல்லார் பேரும் லிஸ்ட்ல வந்து நிக்கும், நான் 6ஆம் தேதி உக்காந்து கையால மாத்துறேன். C காலம்ல சேர்ந்த மாசத்தோட 1ஆம் தேதிதான் இருக்கணும், இதுல நான் நல்லா அடி வாங்கினேன். ஒருத்தருக்கு 5ஆம் தேதின்னு போட்டுட்டேன், மாசம் முழுசா முடியலன்னு DATEDIF ஒரு மாசத்தைக் குறைச்சு எண்ணிருச்சு, அவர் பேரு லிஸ்ட்லயே வரல.

இன்னொண்ணு தொகை. போன்ல இருந்து என்ட்ரி போடும்போது பழக்கத்துல 1000/- ன்னு அடிச்சுட்டேன்னா ஷீட்டுக்கு அது எழுத்து, கூட்டல்ல சேராது, கட்டினவங்களே பாக்கின்னு வந்துருவாங்க. பாத்தாலே தெரியும், எண் செல்லோட வலது ஓரம் ஒட்டும், எழுத்து இடது ஓரம் போயிடும். உறுப்பினர் நம்பர் போட மறந்தாலும் இதே கதைதான். அதுக்கு F மொத்தத்தையும் Varavu மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பேன், வித்தியாசம் வந்தா ஏதோ ஒரு வரி ஆள் இல்லாம நிக்குதுன்னு அர்த்தம். Varavu மொத்தத்தை அண்ணன்கிட்ட இருக்குற கேஷ், பாஸ்புக் ரெண்டோடயும் சேத்து டேலி பண்ணாம லிஸ்டை நான் அனுப்புறதே இல்ல. ஸ்கிரீன்ஷாட் வந்துச்சுன்னு வரவு வைக்கவும் மாட்டேன், அக்கவுண்ட்ல ஏறினதைப் பாத்தாத்தான் வரி போடுவேன், அதுவும் பாதிப் பேருக்கு மகன் நம்பர்ல இருந்து வீட்டுக்காரர் நம்பர்ல இருந்துன்னு வரும், யாரோடதுன்னு கேட்டுத்தான் நம்பர் போடணும்.

ஏலச்சீட்டு நடத்துறவங்களுக்கு இது அப்படியே ஒத்துவராது, தள்ளு போக மாசாமாசம் கட்டுற தொகை மாறும்ல, D ஒரே தொகையா வைக்க முடியாது. மாசவாரியா தொகையைத் தனியா எழுதி H1 வரைக்கும் கூட்டி E-ல கொண்டு வரணும். சீட்டு எடுத்தவங்க யாருன்னு ஒரு காலம் கட்டாயம் வேணும், எடுத்துட்டு நிறுத்துறவங்க பாக்கிதான் பொருளாளர் முதல்ல பாக்க வேண்டியது.

லிஸ்ட் அண்ணனுக்கு மட்டும்தான் போகும். ஒரு தடவை வாட்ஸப் குரூப்ல போட்டுட்டேன், அதுல இருந்த அக்கா ஒருத்தங்க அதுக்கு முந்தின நாள்தான் அண்ணன் கையில கேஷ் குடுத்திருக்காங்க, அவர் எனக்குச் சொல்றதுக்குள்ள லிஸ்ட் போயிருச்சு. வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டேன். இப்போல்லாம் 6ஆம் தேதி ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டு, "அண்ணே, கையில யாராச்சும் குடுத்தாங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் H1-ஐயே மாத்துறேன்.