ஜெர்மன் அலுவலகத்தில் பிறந்தநாள் வாழ்த்து: மூன்றில் எதைச் சொல்வது?

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சக ஊழியரின் பிறந்தநாளுக்கு மூன்று வாழ்த்துகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்லப்போகிறீர்கள்: "ஹாப்பி பர்த்டே", "அல்லெஸ் கூட்டெ ட்சும் கெபூர்ட்ஸ்டாக்", "ஹெர்ட்ஸ்லிஷென் க்ளுக்வுன்ஷ் ட்சும் கெபூர்ட்ஸ்டாக்".

ஆங்கில வாழ்த்து தப்பில்லை. இளைஞர்கள் அதிகமுள்ள, ஆங்கிலத்திலேயே வேலை நடக்கும் குழுவில் அதுவே போதும். ஐம்பதைத் தாண்டிய, உங்களிடம் 'ஸீ' (நம் 'நீங்கள்') போட்டுப் பேசுகிறவருக்கு மட்டும் அது கொஞ்சம் விளையாட்டாகப் படலாம்.

மூன்றாவது முழு மரியாதையானது, அட்டையில் எழுத அருமையானது. வாயில்தான் வராது. 'க்ளுக்'கில் உள்ள உயிரொலி தமிழில் இல்லை. உதட்டை 'உ'வுக்குக் குவித்து 'ஈ' என்று சொல்ல வேண்டும்.

நேரில் சொல்ல என் ஓட்டு இரண்டாவதற்கே. மேலாளருக்கும் சொல்லலாம், பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்லலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: "அல்லெஸ் கூட்டெ", அதாவது எல்லாம் நல்லபடி அமையட்டும் என்று பாதியில் நிறுத்தினால், வேலையை விட்டுப் போகிறவரை வழியனுப்புவதுபோலவும் கேட்கும். 'கெபூர்ட்ஸ்டாக்' வரை சொல்லிவிடுங்கள்.

அட்டையில் பெயர் போட்டு எழுதும்போது, 'ஸீ' போடுகிறவருக்கு "ஈனென்", 'டூ' (நம் 'நீ') போடுகிறவருக்கு "டீர்" என்று எழுத வேண்டும். மரியாதைச் சொல்லான "ஈனென்" பெரிய எழுத்தில் தொடங்கும். சிறிய எழுத்தில் எழுதினால் 'அவர்களுக்கு' என்று பொருள் மாறிவிடும்.

சொற்களைவிட நம்மவர்கள் அதிகம் சறுக்குவது நாளில்தான். நாளை லீவு என்றால் இன்றே "அட்வான்ஸ் வாழ்த்துகள்" சொல்வது நம் வழக்கம். ஜெர்மனியில் முன்கூட்டி வாழ்த்துவது துரதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை உண்டு. அதை நம்பாதவர்களில்கூடப் பலர் முகம் சுளிப்பார்கள்.

பிறந்தநாள் சனிக்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை "ஷோனெஸ் வோஹனெண்டெ", அதாவது வார இறுதி நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக் கிளம்புங்கள். திங்கள் காலை பிறந்தநாள் வாழ்த்துக்கு முன்னால் "நாஹ்ட்ரேக்லிஷ்" சேர்த்துச் சொன்னால், தாமதமான வாழ்த்து என்று ஆகிவிடும். தாமதத்தை யாரும் குறையாக எடுப்பதில்லை. "எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்காதீர்கள், அவரே சொன்னால் ஒழிய.

கேக் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கொண்டுவருவது பொதுவாகப் பிறந்தநாள்காரர்தான், ஊரில் நாம் சாக்லேட் கொடுப்பதுபோல. சமையலறையில் கேக்கைப் பார்த்தால் முதலில் கைகொடுத்து வாழ்த்திவிட்டு, பிறகு துண்டை எடுங்கள்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிறந்தநாளே கொண்டாடுவதில்லை. சக ஊழியர் அப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் மூன்றும் வேண்டாம். வழக்கமான காலை வணக்கமே சரி.