ஒரே குறிப்பு, இரண்டு மின்னஞ்சல்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளம் 4,800 வெள்ளி, ஜூலை 1-ல் சேர வேண்டும். பதில் எழுதுவதற்காகத் தமிழில் குறித்து வைத்திருந்தாள்: "சம்பளம் கொஞ்சம் கம்மி, பார்த்துப் போட்டுக் கொடுங்க. அக்கா கல்யாணம் இருக்கு, ஒரு மாசம் கழிச்சு வர்றேன்."

முதல் வரைவில் அதை வரிக்கு வரி ஆங்கிலமாக்கியிருந்தாள். தமிழில் "கொஞ்சம்" என்பது மரியாதை. ஆங்கிலத்தில் "லிட்டில்" என்று போனால் அதுவே அளவாகிவிடுகிறது. எச்ஆர் நூறு வெள்ளி ஏற்றிக் கொடுத்தாலும் கேட்டதைக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பதும் எண்ணைச் சொல்லும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டது.

இரண்டாவது வரைவை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அதில் 5,400 என்று எண்ணையே போட்டோம். அந்தத் தொழிற்சாலையில் இருப்பது போன்ற இயந்திரங்களில் அவளுக்கு 4 வருட அனுபவம் இருப்பதைக் காரணமாக ஒரே வரியில் சொன்னோம். 5,200-க்குக் கீழே இறங்குவதில்லை என்பதை மனதோடு வைத்துக்கொண்டாள். ஒரு சின்னக் கணக்கு: சம்பளம் 5,000-ஐத் தாண்டினால் இபிஎஃப்பில் முதலாளி பங்கு 13 சதவீதத்திலிருந்து 12 ஆகிறது. 4,800-க்கும் 624 வெள்ளி, 5,200-க்கும் அதே 624தான். ஆக அந்த 400 வெள்ளி உயர்வோடு சேமநிதியில் முதலாளி போடுவதும் கூடும் என்று நினைத்திருந்தால் ஏமாற்றம்தான்.

தேதி விஷயத்தில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். முதல் வரைவு ஒரு மாதத் தாமதம் முழுவதையும் கல்யாணத்தின் தலையில் கட்டியது. படிப்பவருக்கு அது சலுகையாகத் தெரியும். சலுகை கொடுத்தவர் சம்பளத்தில் கையை இறுக்குவார். உண்மையில் அவளுடைய இப்போதைய ஒப்பந்தத்தில் நோட்டீஸ் 2 மாதம். ஜூன் 1-ல் ராஜினாமா கொடுத்தால் ஜூலை 31 வரை நகர முடியாது. இரண்டாவது வரைவு இதை வேண்டுகோளாக எழுதாமல் நிலவரமாகச் சொன்னது. கல்யாணத்துக்கென்று கேட்டது ஆகஸ்ட் 10 வரையான சில நாட்கள் மட்டுமே. சீக்கிரம் வேண்டுமென்றால் நோட்டீஸுக்குப் பதிலான பணத்தை அவர்கள் கட்டலாம் என்றும் ஒரு வரி சேர்த்தோம். ஆகஸ்ட் 10 என்பது அவர்களுடைய திருத்திய வேலைக் கடிதம் மே முடிவதற்குள் வந்தால்தான் என்பதையும் எழுதினோம். அது கையில் வராமல் ராஜினாமா கொடுத்தால் இரண்டு வேலையும் போகலாம்.

சம்பளத்துக்கும் தேதிக்கும் தனித்தனி மின்னஞ்சல் அனுப்பலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். சம்பளம் முடிவான பிறகு தேதியைக் கிளப்பினால் முடிந்த பேச்சைத் திரும்பத் தொடங்குவது போல இருக்கும்.

அப்புறம் என்ன, இரண்டாவதையே அனுப்பினாள். பதில் 5,200, ஆகஸ்ட் 10 என்று வந்தது. திருத்திய கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ராஜினாமாவை நீட்டினாள்.