அம்புக்குறிகளை எண்ணுவதா, கட்டங்களைப் படிப்பதா?

தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் தாள்களில் எலக்ட்ரான் அமைப்பு விடைகளைத் திருத்துவோரிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. மேற்குறி எண்களைக் கூட்டி அணு எண்ணோடு ஒப்பிட்டு, தனித்த அம்புக்குறிகளையும் எண்ணிச் சரி போடுவது ஒன்று. கட்டப்படத்தை இடமிருந்து வலமாகப் படித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பௌலி தத்துவத்தையும், ஒவ்வொரு துணைக்கூட்டிலும் ஹுண்ட் விதியையும் பார்ப்பது மற்றொன்று.

முதல் வழி வேகமானது. ஆனால் நைட்ரஜனிலேயே அது தடுக்கி விழுகிறது. ஒரு மாணவர் 1s² 2s² 2p³ என்று பிழையின்றி எழுதிவிட்டு, 2p கட்டங்களில் [↑][↑][↓] என்று வரைகிறார். கூட்டினால் ஏழு; கட்டத்துக்கு ஒன்றாகத் தனித்த எலக்ட்ரான்கள் மூன்று; எந்தக் கட்டத்திலும் பௌலி மீறப்படவில்லை. ஆனால் சம ஆற்றலுடைய ஆர்பிட்டால்களில் தனித்து நிற்பவை ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருக்க வேண்டும் என்ற ஹுண்ட் விதி அங்கே உடைந்திருப்பதை, கட்டங்களைப் படிப்பவரே பிடிக்கிறார். மூன்றும் கீழ்நோக்கி இருந்தால் அது தவறன்று; அதற்கு மதிப்பெண் குறைப்பதை நான் ஏற்பதில்லை. [↑↑] என்று ஒரே கட்டத்தில் வரைவதோ வேறு வகைப் பிழை: ஹுண்ட் விதியை மீறிய படம் கிளர்வுற்ற நிலையாகவாவது இருக்கக்கூடும், பௌலியை மீறியது எந்த நிலையிலும் இருக்க முடியாது.

இதுவரை இரண்டாம் வழியே மேல். ஆனால் Fe²⁺ அயனியில் இரண்டுமே ஏமாறுகின்றன. 26 எலக்ட்ரான்களில் இரண்டை 3d-யிலிருந்து கழித்து [Ar] 3d⁴ 4s² என எழுதினால் கூட்டுத்தொகை 24, தனித்தவை நான்கு. சரியான [Ar] 3d⁶ அமைப்பிலும் அதே 24, அதே நான்கு. தற்சுழற்சியை மட்டும் கொண்டு கணக்கிடும் காந்தத் திருப்புத்திறனும் இரண்டுக்கும் 4.90 போர் மேக்னட்டான்தான். தவறான படத்தைக் கட்டம் கட்டமாகப் படித்தாலும் நிரப்பும் விதி எதுவும் உடைந்திருக்காது, ஏனெனில் பிழை நிரப்பியதில் இல்லை, நீக்கியதில் இருக்கிறது. Fe³⁺ ஆக இருந்தால் எண்ணுபவருக்கே தெரிந்துவிடும்: தவறான 3d³ 4s² அமைப்பில் தனித்தவை மூன்று, சரியான 3d⁵-இல் ஐந்து.

ஆகவே அயனி கேட்கும் வினாக்களில், நடுநிலை அணுவின் படத்தை முதலில் வரையச் சொல்லி, நீக்கும் அம்புக்குறிகளை அதிலேயே அடிக்கச் சொல்வது நல்லது. அடித்த கோடு 4s கட்டத்தில் விழுந்ததா, 3d-யில் விழுந்ததா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

குரோமியம் தனிக் கதை. [Ar] 3d⁴ 4s² எல்லா விதிக்கும் அடங்கிய படமே, ஆனாலும் விடை [Ar] 3d⁵ 4s¹. 3d⁴ 4s² என்று வரைந்த படத்தின் ஓரத்தில் ‘ஆஃபா மீறல்’ என்று எழுதுவது பொருந்தாது. ‘விதிவிலக்கு’ என்று எழுதினால் மாணவருக்குக் குழப்பம் வராது.