பாண்டியிலிருந்து கடலூர் வரை ஒரு கோடு: ட்ரிம் பாத்ஸா, ஸ்ட்ரோக் எஃபெக்டா?

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வரை பஸ் போகும் வழியை வரைபடத்தில் ஒரு கோடாக ஓடவிட வேண்டியிருந்தது. மொத்தம் பத்து நொடி, நொடிக்கு 25 ஃப்ரேம். சுண்ணாம்பாற்றுக்காக நோணாங்குப்பம் பாலத்தில் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும். அப்புறம் தென்பெண்ணை ஆற்றை நெருங்கும்போது வரைபடம் மூன்று மடங்கு பெரிதாக வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதை இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன்.

முதல் வழி, பென் டூலால் ஷேப் லேயரில் வழியை வரைந்து, ஃபில்லை எடுத்துவிட்டு, ட்ரிம் பாத்ஸ் சேர்ப்பது. இரண்டாவது, ஒரு சாலிட் லேயரில் அதே வழியை மாஸ்க்காக வரைந்து ஸ்ட்ரோக் எஃபெக்ட் போடுவது. இரண்டிலும் `End` மதிப்பை 0 முதல் 100 வரை கொண்டுபோனால் கோடு வளரும்.

பாலத்தில் நிறுத்துவதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. `End`-ஐ மெதுவாக இழுத்துப் பார்த்தேன். என் வரைபடத்தில் பாலம் 31 சதவீதத்தில் வந்தது. நிற்கும் ஒரு நொடி போக, ஓடுவதற்கு ஒன்பது நொடி. நொடிக்குச் சுமார் 11 சதவீதம் என்றால், 2.8-வது நொடியில் 31, 3.8-வது நொடியிலும் 31, பத்தாவது நொடியில் 100. இப்படிக் கணக்குப் பார்த்துக் கீஃப்ரேம் வைத்தால்தான் பாலத்துக்கு முன்னும் பின்னும் வேகம் ஒன்றாக இருக்கும்.

பெரிதாக்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. ஸ்ட்ரோக் எஃபெக்ட் பிரஷ் புள்ளிகளை நெருக்கமாக அடுக்கிக் கோடு போடுகிறது. அந்த சாலிட் லேயரை 300 சதவீதமாக்கினால் பிக்சல்கள்தான் பெரிதாகின்றன. கோட்டின் விளிம்பு மங்கிவிடுகிறது. சாலிட்டை முதலிலேயே மூன்று மடங்கு பெரிதாக எடுக்கலாம், ஆனால் ரெண்டர் கனக்கும். ஷேப் லேயர் வெக்டர் என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கூர்மையாகவே நிற்கும்.

ஆனால் அதிலும் ஒரு தொல்லை உண்டு. வரைபடத்தையும் கோட்டையும் `Map Null` என்று பெயர் வைத்த ஒரே நல் லேயருக்குப் பேரன்ட் செய்து பெரிதாக்கினேன். 8 பிக்சல் கோடு 24 பிக்சலாகி, தென்பெண்ணைப் பாலத்தையே மூடிவிட்டது. `Stroke Width`-ல் இந்த எக்ஸ்பிரஷனைப் போட்டதும் சரியானது:

```
value * 100 / thisComp.layer("Map Null").transform.scale[0]
```

நல் லேயர் 300 சதவீதம் ஆகும்போது கோட்டின் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். திரையில் அதே 8 பிக்சல்தான் தெரியும்.

வழியைக் கையால் வரையாமல் வேறு மென்பொருளிலிருந்து வெக்டராகக் கொண்டுவருபவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். சாலை பெரும்பாலும் ஐந்தாறு துண்டுகளாக வரும். ட்ரிம் பாத்ஸை ஓட்டினால் அரியாங்குப்பத்தில் ஒரு துண்டு, தவளக்குப்பத்தில் ஒன்று, கிருமாம்பாக்கத்தில் ஒன்று என எல்லாம் ஒரே நேரத்தில் வளரும். `Trim Multiple Shapes` என்ற இடத்தில் `Simultaneously` இருப்பதுதான் காரணம். `Individually` என மாற்றினால் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பெயரைப் பார்த்தால் அப்படித் தோன்றாது, நானே வெகுநேரம் தேடினேன். அதன் பிறகும் ஏதாவது ஒரு துண்டு கடலூர்ப் பக்கமிருந்து பின்னோக்கி வந்தால், அந்தத் துண்டின் பாதையில் உள்ள `Reverse Path Direction` பொத்தானை மாற்ற வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் இருந்தால், கொண்டுவருவதற்கு முன்பே துண்டுகளை இணைத்து ஒரே பாதையாக்கிவிடுவது இன்னும் நல்லது.

புள்ளிக் கோடு வேண்டுமென்றாலும் ஷேப் லேயர்தான். ஸ்ட்ரோக் எஃபெக்டில் `Spacing`-ஐக் கூட்டி வட்டப் புள்ளிகள் வரவைக்கலாமே தவிர, நீளமான டேஷ் கிடைக்காது. ஷேப் லேயரில் டேஷ் வைத்தால் `End`-ஐ மட்டும் அனிமேட் செய்யுங்கள். டேஷ் கணக்கு கோட்டின் தொடக்கத்திலிருந்து தொடங்குவதால், `Start`-ஐ அசைத்தால் எல்லா டேஷும் சேர்ந்து நகரும்.

ஸ்ட்ரோக் எஃபெக்ட் பளிச்சென்று உதவும் இடம், கையால் மை தொட்டு வரைந்து ஸ்கேன் செய்த கோடு. அந்தப் படத்தின் மேலேயே மாஸ்க் வரைந்து, `Paint Style`-ஐ `Reveal Original Image` என வைத்தால், பிரஷ் போகப் போக மைக் கோடு வெளிப்படும். பிரஷ் அளவு மைக் கோட்டை விடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். ரொம்ப அகலமானால், பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தெருக்கள் நெருக்கமாக மடங்கும் இடத்தில் பக்கத்துக் கோடும் முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். ட்ரிம் பாத்ஸ் கோட்டை ஆல்ஃபா மேட்டாக வைத்தும் இதே வெளிப்பாட்டைப் பெறலாம், அகலக் கணக்கும் அதேதான். ஆனால் லேயர் ஒன்று கூடுதலாகும். மைக் கோட்டுக்கு மட்டும் நான் ஸ்ட்ரோக் எஃபெக்டையே எடுப்பேன். படமே பிக்சல் என்பதால், பெரிதாக்கும்போது கூர்மை குறைவது எப்படிச் செய்தாலும் வரத்தான் போகிறது.