24ஆவது நிமிடத்தில் கெட்டுப்போகும் அட்டவணை

கனடாவில் இருக்கும் நண்பன் ஒருவன், தன்னிடமுள்ள பழைய கசெட் பதிவுகளைப் பாட்டுப் பாட்டாக வெட்ட என்ன பயன்படுத்தலாம் என்று கேட்டிருந்தான். எங்கள் வீட்டுக் கசெட்டுகளை நெடுநாளாக ffmpeg கொண்டுதான் வெட்டுகிறேன். பெரும்பாலும் கோவில் திருவிழா நாதஸ்வரப் பதிவுகள், நடுவில் அளவெட்டி பத்மநாதனின் வாசிப்பும் உண்டு. கசெட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், அது ஒரே WAV கோப்பு. எந்த உருப்படி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இணுவிலில் இருக்கும் பெரியப்பா கேட்டு எக்செல்லில் எழுதித் தருவார். ராகம் பிரிக்க எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த அட்டவணையை CSV ஆக்கி இதற்குக் கொடுத்தால் போதும்:

```
tr -d '\r' < list.csv |
while IFS=, read -r f s e n; do
  ffmpeg -nostdin -ss "$s" -to "$e" -i "$f" -c copy "$n.wav"
done
```

வெட்டும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. `-c copy` ஒலியை மறுபடி குறியாக்காமல் அப்படியே எடுத்து வைப்பதால், ஒரு பெட்டி கசெட்டும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். `-nostdin` மட்டும் விடுபடக்கூடாது. அது இல்லாவிட்டால் ffmpeg அட்டவணையின் அடுத்த வரியையும் தனக்கு வந்த கட்டளை என்று நினைத்து விழுங்கும். பிறகு கோப்பின் பெயர் தலையில்லாமல் வந்து, அப்படியொரு கோப்பே இல்லை என்று நிற்கும்.

என் கோபமெல்லாம் எக்செல் மேல்தான். பெரியப்பா 19:40 என்று எழுதினால் அது அவருக்கு 19 நிமிடம் 40 வினாடி. எக்செல்லுக்கோ இரவு ஏழு மணி நாற்பது. ஆனாலும் CSVயில் 19:40 என்றே இறங்குவதால் ffmpeg அதை நிமிடமாகவே படித்துவிடுகிறது. இப்படி 23:59 வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். 24இல் தொடங்கும் எதை எழுதினாலும் ஒரு நாளைத் தாண்டிவிட்டதென்று எக்செல் முடிவு செய்து, பின்னால் இரண்டு பூச்சியங்களைச் சேர்த்துவிடும். 31:05 என்பது 31:05:00 ஆகும். 31 மணி நேரம் ஓடும் கசெட்டை யார் கண்டது?

அண்மையில் வந்த அட்டவணையையே சொல்கிறேன். மல்லாரி 19:40 முதல் 23:10 வரை, சரியாக வெட்டுப்பட்டது. அடுத்த கீர்த்தனை 23:10 முதல் 31:05 வரை. தொடக்கம் சரி, முடிவு 31 மணி நேரம் என்பதால் ffmpeg கோப்பின் கடைசிவரை எடுத்துக்கொண்டது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. அதற்கடுத்த உருப்படியின் தொடக்கமே 31 மணி நேரம், ஆகவே ஓசையே இல்லாத வெறுங்கோப்பு. வெறுங்கோப்பு உடனே கண்ணில் படும், ஆபத்தானது நடுவில் உள்ளதுதான். திறந்தால் கீர்த்தனை அழகாகத் தொடங்கும், இறுதிவரை கேட்பவருக்குத்தான் பின்னால் வேறு உருப்படிகளும் ஒட்டியிருப்பது தெரியும். நான் கோப்பின் அளவைப் பார்த்துப் பிடிக்கிறேன். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 10 எம்பி. எட்டு நிமிடம் கூட வராத கீர்த்தனை 80 எம்பிக்குள் நிற்கவேண்டும், 200ஐத் தாண்டி நின்றது.

எக்செல்லில் நேரம் எழுதும் நிரல்களை முன்கூட்டியே எழுத்து வடிவுக்கு மாற்றி வைத்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். தீராது. CSVயில் அந்த வடிவம் தங்குவதில்லை. பெரியப்பா ஒரு பெயரைத் திருத்துவதற்காக அதைத் திறந்து சேமித்தாலே போதும், பூச்சியங்கள் திரும்பி வந்துவிடும். வினாடியில் எழுதச் சொல்லிப் பார்த்தேன், 31:05க்குப் பதிலாக 1865 என்று. "பாட்டுப் பெட்டி நிமிடத்தைத்தானே காட்டுகிறது தம்பி, நான் ஏன் கணக்குப் போடவேண்டும்?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

கடைசியில் நிலைத்தது 0:31:05 என்று முன்னால் ஒரு பூச்சியம் போட்டு எழுதும் முறை. மூன்று பகுதியாக எழுதினால் எக்செல்லும் ffmpegஉம் ஒரே பொருளைத்தான் கொள்கின்றன, எத்தனை முறை திறந்து சேமித்தாலும் மாறுவதில்லை. பெரியப்பா அந்தப் பூச்சியத்தை இன்னும் மறக்கிறார், நானும் வெட்டியவுடன் அளவுகளை இன்னும் பார்க்கிறேன்.

நண்பனிடம் இருப்பது மூன்றோ நான்கோ கசெட்டுகள். அவன் இதையெல்லாம் தொடவேண்டாம். ஆடாசிட்டியில் திறந்து, அலையைப் பார்த்து, உருப்படிக்கு ஒரு அடையாளம் வைத்து, எல்லாவற்றையும் ஒரே முறையில் ஏற்றுமதி செய்துகொள்ளட்டும். அங்கே எக்செல்லுக்கு இடமில்லை.