ஒரே காட்மியம், இரண்டு படிகங்கள்: காலியிடமா, இடைச்செருகலா?

சோடியம் குளோரைடும் வெள்ளி புரோமைடும் ஒரே வகை அணிக்கோவை கொண்டவை. இரண்டிலும் துளி காட்மியம் கலந்து பாருங்கள். முதல் படிகத்தில் கடத்துத்திறன் உடனே ஏறும். இரண்டாவதில் முதலில் இறங்கி, ஓர் அடிமட்டத்தைத் தொட்டு, அதன் பிறகே ஏறும். வெள்ளி ஹாலைடுகளில் இந்த இறக்கத்தை 1930களில் கோக், வாக்னர் இருவரும் அளந்தார்கள். மின்னோட்டத்தைச் சுமப்பது எந்தக் குறைபாடு என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

சோடியம் குளோரைடில் இருப்பது ஷாட்கி குறைபாடு: நேர் அயனி இடமும் எதிர் அயனி இடமும் சம அளவில் காலியாகும். பெரும்பாலும் நகர்வது சோடியம்தான். பக்கத்திலுள்ள காலியிடத்துக்குத் தாவ அதற்கு ஏறக்குறைய 0.7 eV வேண்டும். வெள்ளி புரோமைடில் இருப்பது ஃபிரெங்கல் குறைபாடு: வெள்ளி அயனி தன் இடத்தைவிட்டு இடுக்கில் இடைச்செருகலாகப் போய் அமர்கிறது. அது அண்டை அயனியை அடுத்த இடுக்குக்குத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கான தடை மிகச் சிறியது என்பதால், காலியிடத்தைவிட இடைச்செருகல் வேகமாக நகர்கிறது.

Cd²⁺ ஒரு நேர் அயனியின் இடத்தில் அமர்ந்தால், மின்சுமையைச் சமன்செய்ய இன்னொரு நேர் அயனி இடம் காலியாக வேண்டும். வெள்ளி புரோமைடில் காலியிடம் × இடைச்செருகல் என்ற பெருக்கல் தொகை, வெப்பநிலை மாறாதவரை மாறாது. ஆகவே ஒன்று கூடினால் மற்றது குறையும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக இடைச்செருகல் நான்கு மடங்கு வேகம் என்று கொள்வோம். தூய படிகத்தில் இரண்டும் 100 என்றால் கடத்தல் 4×100 + 100 = 500. காட்மியம் 150 சேர்த்தால் காலியிடம் 200, இடைச்செருகல் 50, கடத்தல் 400. இதுதான் அடிமட்டம். காட்மியம் 375 ஆனால் காலியிடம் 400, இடைச்செருகல் 25. கடத்தல் மீண்டும் 500. அதற்கு மேல் ஏற்றம்தான். இடைச்செருகல் வேகமாக இல்லாவிட்டால் இந்தப் பள்ளமே வராது.

சோடியம் குளோரைடில் அதே 150 சேர்த்தால் சோடியம் காலியிடம் 200 ஆகும், குளோரைடு காலியிடம் 50 ஆகும். குளோரைடின் பங்கு சிறியது என்பதால் அது குறைவது தெரியாது. கடத்தல் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

வெப்பநிலையை மாற்றி வரையும் கோட்டின் சரிவும் உதவும். உருகுநிலைக்கு அருகே குறைபாடு உருவாகும் ஆற்றலில் பாதியும் நகரும் ஆற்றலும் சேர்ந்து சரிவைத் தீர்மானிக்கும். குளிர்ந்தால் மாசு தந்த காலியிடங்களே மிஞ்சும், சரிவு தணியும். ஆனால் சுமப்பது யார் என்று அந்தக் கோடு மட்டும் சொல்லாது.

காட்மியச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வெப்பநிலை மிகக் குறைந்தால் Cd²⁺ தன் காலியிடத்தையே ஈர்த்து இணையாகப் பிடித்துவைக்கும். அந்த இணைக்கு நிகர மின்சுமை இல்லை, அது மின்னோட்டத்தைச் சுமக்காது. அப்போது கலந்த அளவை அப்படியே காலியிட எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் நகர்திறன் குறைவாகத் தெரியும். எனவே இணைகள் பிரிந்திருக்கும் அளவுக்குச் சூடாக வைத்து அளப்பதே சரி.